பின் கார்டு, ஸ்டோர்ஸ் லெட்ஜர், நேரில் எண்ணியது: மூன்றும் மூன்று கணக்கு சொன்னால்

கேள்வி: பின் கார்டில் ஓர் இருப்பு, ஸ்டோர்ஸ் லெட்ஜரில் வேறோர் இருப்பு, எண்ணிப் பார்த்தால் இரண்டுமே இல்லை. எதைச் சரியென்று எடுத்துக்கொள்வது? குறைவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பதில்: முதலில் எதையும் சரியென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலர் எண்ணி முடித்ததும் அந்த எண்ணை இரண்டு புத்தகத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எழுத்துப் பிழை, தாமதமாக வந்த சீட்டு, காணாமல் போன சரக்கு எல்லாம் ஒரே குறைவாகக் கலந்துவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. முதலில் இரண்டு புத்தகமும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். சரக்கோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான்.

கோவையில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த கணக்குகளின் சாயலில், எளிதாக இருக்க எண்களை மட்டும் முழுமையாக்கியிருக்கிறேன். பொருள், 24 எஸ்.டபிள்யூ.ஜி. தடிமன் உள்ள செம்பு வைண்டிங் கம்பி. மார்ச் 31 மாலை பின் கார்டில் 420 கிலோ, லெட்ஜரில் 480 கிலோ. வித்தியாசம் 60.

பின் கார்டு ஸ்டோர் கீப்பர் கையில் இருக்கிறது. சரக்கு நகரும்போதே அளவை மட்டும் எழுதுகிறார். லெட்ஜர் காஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. சீட்டு வந்த பிறகுதான் அளவும் மதிப்பும் ஏறும். ஆகவே முதலில் தேட வேண்டியது வழியில் இருக்கும் சீட்டுகளை. இங்கே மார்ச் 30, 31 தேதிகளின் இரண்டு இஷ்யூ ஸ்லிப்புகள், மொத்தம் 36 கிலோ, ஸ்டோர் மேசை டிராயரிலேயே இருந்தன. கார்டில் கழித்தாகிவிட்டது, லெட்ஜரில் கழிக்கவில்லை. லெட்ஜர் 444 ஆகிறது. ஸ்லிப் எண்களை வரிசையாகப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். லெட்ஜரில் ஏறிய கடைசி எண்ணுக்கும் ஸ்லிப் புத்தகத்தில் கிழித்த கடைசி எண்ணுக்கும் நடுவில் இருப்பவைதான் நமக்கு வேண்டியவை.

மீதி 24 கிலோ கார்டின் பக்கத்துப் பிழை. வைண்டிங் செக்ஷன் திருப்பி அனுப்பிய 6 கிலோவை, ரிட்டர்ன் நோட்டின் நகலை வைத்து அலுவலகம் ஏற்றிவிட்டது. ஸ்டோரில் கம்பியை ரேக்கில் வைத்தவர் கார்டை எடுக்க மறந்துவிட்டார். எஞ்சிய 18 கிலோ கொஞ்சம் சுவாரசியமானது. 23 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பிக்கான ஸ்லிப் ஒன்று 24-இன் கார்டில் கழிக்கப்பட்டிருந்தது. எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து அளவின் கார்டைப் பாருங்கள். 23-இன் கார்டு அதன் லெட்ஜரைவிடச் சரியாக 18 கிலோ கூடுதலாகக் காட்டியது. ஒரு பொருளில் எவ்வளவு குறைகிறதோ அதே அளவு அண்டை அளவில் கூடினால், அது பெரும்பாலும் கார்டு மாறிய கதைதான். 6-ஐயும் 18-ஐயும் கூட்டினால் கார்டும் 444. இப்போது இரண்டு புத்தகமும் ஒரே குரலில் பேசுகின்றன.

இனி சரக்கு. ஏப்ரல் 2-ஆம் தேதி எடை போட்டதில் 413 கிலோ. இதை அப்படியே 444-இலிருந்து கழித்து 31 கிலோ குறைவு என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் ஏப்ரல் 1-ஆம் தேதி 12 கிலோ வழங்கியிருக்கிறார்கள், வரவு இல்லை. மார்ச் 31 மாலைக்குத் திரும்பிப் போனால் ரேக்கில் 425 கிலோ இருந்திருக்க வேண்டும். குறைவு 19 கிலோ. எண்ணும் நேரத்தில் வழங்கலை நிறுத்தி வைக்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நிறுத்த முடியாவிட்டால், எண்ணுவதற்கு முன் கடைசி வரவுச் சீட்டு எண்ணையும் கடைசி ஸ்லிப் எண்ணையும் சரிபார்ப்புத் தாளின் தலையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பி விஷயத்தில் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்: ஸ்பூலின் எடை. வெறும் ஸ்பூல் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்க்காமல், லேபிளில் அச்சிட்டிருக்கும் எடையையே எல்லா ஸ்பூலுக்கும் கழித்தால், நாற்பது ஸ்பூலில் சில கிலோ ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். இங்கே அதைப் பார்த்தார்கள், 19 நின்றது.

அந்த 19 கிலோவைக் காரணம் பார்த்துப் பிரிக்க வேண்டும். இரவு ஷிப்டில் ஸ்லிப் இல்லாமல் எடுத்துப்போன ஒரு ஸ்பூல், பாதி சுற்றிய நிலையில் வைண்டிங் மேசையில் கிடைத்தது: 8 கிலோ. இது நட்டமே இல்லை. மார்ச் தேதியிலேயே ஸ்லிப் போட்டு இரண்டு புத்தகத்திலும் கழித்தால் அது வேலையின் செலவுக்குப் போய்விடும்.

அடுத்தது எடைபோட்டுக் கொடுப்பதில் சிறிது சிறிதாகப் போவது. இந்த ஆலையில் வழங்கிய எடைக்கு அரை சதவீதம் என்று முன்பே வரம்பு வைத்திருந்தார்கள். ஆண்டு முழுவதும் வழங்கியது 800 கிலோ, ஆகவே 4 கிலோ இயல்பான நட்டம். கிலோ 1,000 ரூபாய் என்றால் 4,000 ரூபாய் ஆலை மேற்செலவில் சேரும். வரம்பு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். குறைவு தெரிந்த பிறகு போடும் சதவீதம், குறைவை மறைக்கப் போடும் சதவீதம்.

மிஞ்சிய 7 கிலோவுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அது அசாதாரண நட்டம்; 7,000 ரூபாய் காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குப் போகும். அதை மேற்செலவில் தள்ளினால், காணாமல் போன செம்பின் விலை சந்தடியில்லாமல் மோட்டாரின் அடக்கவிலையில் ஏறிவிடும். பழைய செம்பு எங்கும் விலைபோகும் பொருள் என்பதால், கழிவுக் கம்பி வெளியே போகும் கேட் பாஸ்களை இந்த இடத்தில் பார்ப்பது நல்லது. ஸ்டோர் கீப்பர் சம்பளத்தில் பிடிப்பது முதல் யோசனையாக வரக் கூடாது. அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று தெரிய வேண்டும். அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் பிடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

பலர் விட்டுவிடும் இடம் ஜி.எஸ்.டி. தொலைந்த, திருடுபோன, கணக்கிலிருந்து எழுதித் தள்ளிய சரக்குக்கு 2017 சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 7,000 ரூபாய்க்கு 18 சதவீதம், 1,260 ரூபாயை GSTR-3B-யில் திருப்ப வேண்டும். ஆக உண்மையான நட்டம் 8,260 ரூபாய். உற்பத்தியோடு ஒட்டிய இழப்புக்கு வரவைத் திருப்பத் தேவையில்லை என்று ஓர் உருக்காலை வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது உலைக்குள் போன சரக்கைப் பற்றியது. ஸ்டோரில் எடை போடும்போது குறைந்த அந்த 4 கிலோவுக்கும் அதை நீட்டலாமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் புத்தகம். கார்டில் பழைய எண்ணை அடித்துத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு பிழைக்கும் தனி வரி போடுங்கள். குறைவுக்கு, மேலாளர் கையெழுத்திட்ட இருப்புச் சரிக்கட்டுச் சீட்டின் எண்ணோடு 11 கிலோ ஒரு வரியில் கழியட்டும். லெட்ஜரில் அதே 11 கிலோ, 11,000 ரூபாய் மதிப்போடு கழிய வேண்டும். இரண்டிலும் மார்ச் 31 இருப்பு 425 என்று நிற்கும். வேறு ஏதாவது ஒரு அளவுக் கம்பி கூடுதலாக இருந்தால், அதை இந்தக் குறைவோடு நேர்செய்துவிடாதீர்கள். கார்டு மாறியது என்று ஸ்லிப்பே காட்டினால் ஒழிய, கூடுதலுக்குத் தனிச் சீட்டு, குறைவுக்குத் தனிச் சீட்டு.