மெழுகுவர்த்தியின் மஞ்சளும் நீலமும் ஒரே வகை வெளிச்சம் அல்ல

கேள்வி: மெழுகுவர்த்தி எரியும்போது சுடர் மேலே மஞ்சளாகவும் திரிக்குப் பக்கத்தில் நீலமாகவும் இருக்கிறதே, ஏன்? நீலம் என்றால் அதிகச் சூடு என்கிறார்களே, அதனாலா?

அதனால் இல்லை. மேலே தெரியும் மஞ்சள், சூடேறிய கரித்துகள்கள் விடும் வெளிச்சம். கீழே தெரியும் நீலம், மெழுகின் ஆவி காற்றோடு சேர்ந்து எரியும் அந்தக் கணத்தில், உடைந்த மூலக்கூறுகள் விடும் வெளிச்சம். இரண்டும் பிறக்கும் விதமே வேறு.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காற்றும் மழையுமாக அடித்துக் கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சுடரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கீழ நீலமா இருக்குதே, அங்கதான் சார் சூடு அதிகம், அதனாலதான் நீலம்" என்றான். அவன் அப்பா கொல்லுப் பட்டறை வைத்திருக்கிறார். அதனால் அவனிடமே கேட்டேன்.

"உங்கப்பா அருவா அடிக்கிறப்ப இரும்பு என்னென்ன நிறமா மாறும்?"

"மொதல்ல செவப்பு, அப்புறம் மாம்பழ நிறம், அப்புறம் நல்ல மஞ்சள். அதுக்கு மேல விட்டா வெள்ளையாகிப் பொறி பறக்கும் சார், அப்பா திட்டும்."

"அது நீலமா ஒளி விட்டுப் பாத்திருக்கியா?"

கொஞ்சம் யோசித்தான். "பதம் வைக்கிறப்ப நீலம் பூக்கும் சார். ஆனா அது வெளிச்சம் இல்ல, மேல படியற நிறம்."

சரியாகச் சொன்னான். பதம் வைக்கும்போது வரும் நீலம் 300 டிகிரி அளவிலேயே வந்துவிடும். இரும்பின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு ஏட்டின் நிறம் அது. இரும்பு தானாக ஒளி விடுவது 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டி மஞ்சளாக இருக்கும், இன்னும் ஏறினால் வெள்ளையாகும். சூட்டினால் மட்டுமே ஒரு பொருள் நீலம் கலந்து ஒளிர வேண்டுமென்றால் பத்தாயிரம் டிகிரி அளவுக்குப் போக வேண்டும். மார்கழி ராத்திரியில் திருவாதிரை நட்சத்திரம் சிவப்பாகத் தெரிகிறதே, அதன் மேற்பரப்பு சுமார் 3,500 டிகிரி. அதே ஓரியன் கூட்டத்தில் எதிர்ப்பக்கம் நீலவெள்ளையாக மின்னும் ரைஜல் சுமார் 12,000 டிகிரி. மெழுகுவர்த்திச் சுடரில் மிகச் சூடான இடமே 1,400 டிகிரியைச் சுற்றித்தான். அது நீலப் பகுதியின் வெளி ஓரத்தை ஒட்டி இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சூட்டில் ஒளிரும் திடப்பொருள் எதுவும் மஞ்சளாகத்தான் ஒளிரும். ஆக, நீலத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் மஞ்சளைப் பார்ப்போம், அதுதான் கைக்கு எட்டுவது. மெழுகு கட்டியாக எரிவதில்லை. 60 டிகிரிக்குள் உருகி, திரியில் ஏறி, அங்கே ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. ஒரு மெழுகு மூலக்கூறு என்பது ஏறக்குறைய 25 கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து, இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருப்பது. இந்த ஆவி சுடரின் நடுவழியாக மேலே போகிறது. சுடருக்குள்ளே காற்று இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் அநேகமாக இல்லை. வெளியிலிருந்து வரும் ஆக்சிஜனைச் சுடரின் ஓரமே எரித்துத் தீர்த்துவிடுகிறது. அதனால் உள்ளே போகும் ஆவிக்குச் சூடு கிடைக்கிறது, எரியக் காற்று கிடைப்பதில்லை. அடுப்பில் மூடி வைத்துவிட்டு மறந்துபோன குழம்பு அடிப்பிடித்துக் கரியாவது மாதிரி, சங்கிலி துண்டு துண்டாக உடைகிறது, ஹைட்ரஜன் கழன்றுபோகிறது, மிச்சமான கார்பன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரித்துகளாகின்றன. ஒவ்வொரு துகளும் நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் அது திடப்பொருள். பட்டறை இரும்பு போலவே 1,200 டிகிரியில் மஞ்சளாக ஒளிர்கிறது. அப்படியே மேலேறி, சுடரின் விளிம்பில் ஆக்சிஜனைச் சந்தித்ததும் எரிந்து மறைந்துவிடுகிறது. வெளிச்சம் தருவது சுடருக்குள் இருக்கும் திடத்துகள்தான் என்று ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1810-களிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் ஆயா கண்மை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. விளக்கெண்ணெய் விளக்கேற்றி, பித்தளைத் தட்டில் சந்தனம் பூசி, சுடரின் நுனி தட்டில் படுகிற மாதிரி கவிழ்த்து வைப்பார். நுனி படாத உயரத்தில் வைத்தால் மை சேராது என்பார். காரணம் இதுதான்: நுனியைத் தாண்டினால் கரி எரிந்து போயிருக்கும். குளிர்ந்த தட்டு சுடருக்குள்ளேயே குறுக்கே வந்தால், கரி எரியுமுன்பே அதில் ஒட்டிக்கொள்ளும். சற்று முன்பு மஞ்சளாக ஒளிர்ந்த அதே பொருள்தான் தட்டில் கறுப்பு மையாக இருக்கிறது.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகை மஞ்சள் பகுதிக்குள் மூன்று விநாடி பிடியுங்கள். கறுப்பாக அப்பிவிடும். துடைத்து ஆறவைத்துவிட்டு, சுடரின் அடியில் நீல ஓரத்தில் மட்டும் பக்கவாட்டில் லேசாகப் படும்படி பிடியுங்கள். கரி ஏறுவது மிகக் குறைவு. கரண்டியை உள்ளே தள்ளிவிட்டால் மஞ்சளும் சேர்ந்து பட்டுவிடும், அப்புறம் ஒன்றும் புரியாது. ஓரமாகப் பிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கரண்டி சுடரைக் குளிரவைத்துத்தான் கரியை உண்டாக்குகிறது, முன்பே அங்கே கரி இல்லை என்று யாராவது சொன்னால்? எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. அதற்கு வெயில் போதும். மழை விட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு காற்றடிக்காத திண்ணை மூலையில், வெள்ளைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றினோம். அந்த வெயிலில் சுடரே சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சுவரில் அதன் நிழல் விழுந்தது. கீழே திரியின் நிழல் கன்னங்கரேல் என்று. அதற்கு மேலே கொஞ்ச இடம் வெறுமையாக. அப்புறம் இலை வடிவில் சாம்பல் நிறமாக ஒரு நிழல். நெருப்பின் நிழலை அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. நான் முதல்முறை பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. சுடரில் எந்த இடம் அதிக வெளிச்சமோ, அதே இடம்தான் சுவரில் அதிகக் கறுப்பு. கரித்துகள்கள் வெயிலை மறைப்பதால் வரும் நிழல் அது. நீலம் இருந்த இடத்துக்கு நிழலே இல்லை, அங்கே மறைக்கத் துகள் இல்லை. நிழலைச் சுற்றி நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகள் சூடான காற்று வெயிலை வளைப்பதால் வருபவை. அவை ஓரிடத்தில் நிற்காது, கரியின் நிழல் நிற்கும். அதைவைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது நீலம். சூடான காற்று மேலே போவதால், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த புதுக் காற்று அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அது முதலில் தொடுவது சுடரின் அடிப்பகுதியை. அங்கே திரியிலிருந்து அப்போதுதான் வந்த ஆவி, கரியாக மாற நேரம் கிடைப்பதற்கு முன்பே ஆக்சிஜனைச் சந்தித்துவிடுகிறது. நேராக எரிகிறது. எரியும்போது சங்கிலி சுக்குநூறாக உடைந்து, ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த CH, இரண்டு கார்பன் சேர்ந்த C₂ போன்ற அரைகுறைத் துண்டுகள் கணநேரம் பிறக்கின்றன. வேதிவினையில் வெளிவரும் ஆற்றலில் கொஞ்சத்தை இவை பிறக்கும்போதே வாங்கிக்கொள்கின்றன, உடனே ஒளியாக விட்டுவிடுகின்றன. இரும்பு எல்லா நிறத்தையும் கலந்துவிடுவது போல இவை விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தமான சில அலைநீளங்கள் உண்டு. CH-க்கு முக்கியமானது 431 நானோமீட்டர், ஊதா கலந்த நீலம். C₂-வுக்கு 516-ஐ ஒட்டிய பச்சையும் அதற்குக் கீழே நீலமும். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் வில்லியம் ஸ்வான் 1850-களில் சுடர் வெளிச்சத்தைப் பட்டகத்தில் பிரித்துப் பார்த்து விவரித்த பட்டைகள் இவை. C₂-வின் பட்டைகளை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இந்த நீல ஓரம் அடியோடு நின்றுவிடுவதில்லை. மெல்லிய உறைபோல மேல்வரை சுடரைச் சுற்றியிருக்கிறது. கரியின் மஞ்சள் பல மடங்கு பிரகாசம் என்பதால், பகலில் நட்சத்திரம் மறைவது போல் அது மறைந்துவிடுகிறது.

அடியிலிருந்து காற்று ஏறவில்லை என்றால் சுடர் எப்படியிருக்கும்? 1992-ல் அமெரிக்க விண்கலத்திலும் 1996-ல் ரஷ்யாவின் மிர் விண்நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தார்கள். அங்கே எடை இல்லாததால் சூடான காற்று மேலேறாது. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மஞ்சள் போய், மங்கலான நீல அரைக்கோளமாகச் சுடர் திரியைச் சுற்றி நின்றது. ஆக்சிஜன் மெதுவாக ஊறித்தான் வந்து சேர வேண்டியிருப்பதால் சுடர் மந்தமாகிறது, கரி உண்டாகும் அளவுக்கு உள்ளே சூடு ஏறுவதில்லை. நம் மெழுகுவர்த்தியைவிடச் சூடு குறைந்த சுடர், ஆனாலும் நீலம். நீலம் என்றால் அதிகச் சூடு என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியாது.

கேஸ் அடுப்பில் எரிவாயு பர்னருக்கு வரும் வழியிலேயே காற்றோடு கலந்துவிடுகிறது. அதனால் சுடர் முழுக்க மெழுகுவர்த்தியின் அடிப்பகுதி போல நீலமாக இருக்கிறது. காற்று நுழையும் துளையில் தூசியோ பூச்சிக்கூடோ அடைத்துக்கொண்டால் நீலம் போய் மஞ்சள் நாக்கு நீளும், பாத்திரத்தின் அடி கறுக்கும். பால் பொங்கி வழிந்தாலும் சாம்பார் சிந்தினாலும் சுடர் மஞ்சளாகும்தான், ஆனால் அது உப்பிலுள்ள சோடியத்தின் மஞ்சள், சில விநாடிகளில் போய்விடும், பாத்திரத்தில் கரி ஏறாது. சந்தேகம் இருந்தால் பாத்திரத்தைத் தூக்கி அடியை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மை ஒட்டினால் துளையைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுங்கள்.