25,500-ஆ, 6 லட்சமா: எதை எதோடு ஒப்பிடுவது?

"என் மகளுக்கு வயது 24. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வில் டேக்ஸ் அசிஸ்டென்ட் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் 25,500 என்கிறார்கள். கோவையில் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 6 லட்சம் தருகிறது. எதில் சேரச் சொல்வது?"

முதலில் இந்த இரண்டு எண்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும். 25,500 என்பது வெறும் அடிப்படைச் சம்பளம். 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீத அகவிலைப்படியும், கோவைக்கான 20 சதவீத வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால் 45,390. பயணப்படி தனி. ஓய்வூதியப் பங்காக 4,029 பிடித்தாலும் கைக்கு 41,000 வரும்.

6 லட்சம் என்பது சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி, வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் 'வேரியபிள்' எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். வேரியபிள் 10 சதவீதம் என்றால், அவர் பங்கு பி.எஃப்.பும் போக, மாதம் கைக்கு வருவது 40,000 சொச்சம்தான். ஆக, தொடக்கத்திலேயே பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் 60 வயதுக்குப் பிறகுதான். ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட்டை மட்டும் கணக்கிட்டாலே 35 ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 70,000-ஐத் தாண்டும். ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் (யு.பி.எஸ்.) 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அதன்மேல் அகவிலை நிவாரணமும் உண்டு. இன்றைய மதிப்பில் மாதம் சுமார் 55,000.

தனியார் வேலையில் பி.எஃப்.போடு சேர்ந்த இ.பி.எஸ். ஓய்வூதியம், அடிப்படைச் சம்பளம் 15,000-ஐத் தாண்டிப் புதிதாகச் சேர்பவருக்குக் கிடையாது. கிடைப்பவருக்கும் 15,000 சம்பள உச்சவரம்பில்தான் கணக்கிடப்படுகிறது. 35 ஆண்டு உழைத்தாலும் ஏறக்குறைய 7,500 தான், விலைவாசிக்கேற்ப ஏறவும் செய்யாது. அந்த 55,000-ஐத் தாமே உண்டாக்கிக்கொள்ள இன்றைய மதிப்பில் 1.65 கோடி வேண்டும். விலைவாசி உயர்வுக்கு மேல் 4 சதவீதம் வருமானம் கிடைத்தால்கூட, முதல் மாதத்திலிருந்தே பி.எஃப். உட்பட 18,000-க்கு மேல் ஒதுக்கி, அதை ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பக் கூட்டிவர வேண்டும். 40,000 சம்பளத்தில் எத்தனை பேரால் முடியும்?

அதற்காகத் தனியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தாண்டில் அரசு வேலையில் இன்றைய மதிப்புக்கு 61,000 வாங்குவார். கம்பெனியில் அதற்குள் 80,000-ஐத் தாண்டினால், அதாவது 5 சதவீத விலைவாசி உயர்வோடு அன்றைய பணத்தில் 1.3 லட்சம் வந்தால், அந்தச் சேமிப்பை ஒதுக்கியபின்னும் கணக்கு சமனாகும். அந்தத் துறையில் 50 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். 45 வயதில் இரண்டு ஆண்டு வேலையில்லாமல் போனால் அந்தச் சேமிப்பில்தான் முதலில் கை வைக்க நேரும்.

அரசு வேலையிலும் ஒரு பொறி உண்டு. பத்தாண்டுக்குள் விலகினால் யு.பி.எஸ். உறுதி ஓய்வூதியம் கிடையாது. 25 ஆண்டுக்குப் பின் விருப்ப ஓய்வு பெற்றாலும் ஓய்வு வயது வரை காத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் வெளியேறும் எண்ணம் இருந்தால், சந்தை வருமானத்தைச் சார்ந்த ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். தான் பொருந்தும். எது வேண்டும் என்பதை வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும்.