மெக்கானிக்கல் படிக்கும் மகனும் அந்த 18 கிரெடிட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

மெக்கானிக்கல் நான்காம் செமஸ்டரில் இருக்கும் உங்கள் மகனுக்கு வாகன வடிவமைப்பும் பிடித்திருக்கிறது, டேட்டா அனலிட்டிக்ஸும் ஈர்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதில் எதையும் இப்போதே கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாம் செமஸ்டருக்குப் பதிவு செய்யும் நாளில் நண்பர்கள் எடுக்கும் பாடத்தையே அவரும் எடுத்துவிட்டால், கையில் இருக்கும் வாய்ப்பு வீணாகும்.

சொந்தக் கிளையின் பட்டத்தோடு வேறொரு துறையிலும் பெறும் துணைத் தகுதிதான் மைனர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் அதைப் பெற, பட்டத்துக்கு உரியவை போக 18 கிரெடிட் கூடுதலாகப் படிக்க வேண்டும். பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் ஆறு பாடங்கள். ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர்களில் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டால் எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு மிஞ்சும். அவருடைய பாடங்களோடு இந்த இரண்டும் சேரும்போது சுமை உண்மையிலேயே கூடும். அரியர் இருந்தால் மைனரைத் தொடவே வேண்டாம் என்பேன். வேலைக்கு ஆள் எடுக்க வரும் பல நிறுவனங்கள் அரியரைத்தான் முதலில் பார்க்கின்றன. மைனர் அதை மறைக்காது.

மைனரால் ஆகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் கிளை மாறாது. கணினி அறிவியல் பட்டம்தான் வேண்டும் என்று அறிவிக்கும் பணிக்கு அவரால் விண்ணப்பிக்க முடியாது. அதே சமயம், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயன்ஸுக்கென்று தனித்தாள் இருக்கிறது. மெக்கானிக்கல் மாணவரும் அதை எழுதலாம்.

எனவே மகனுக்கு நான் சொல்வது இது. மைனரை பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸில் வைத்துக்கொள்ளட்டும். கிளைக்குள் எடுக்கும் எலெக்டிவ்களை வாகனம் சார்ந்தே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டும் சந்திக்கும் இடமாக, கல்லூரியில் இருக்கும் பாஹா அணியில் சேரட்டும். ஒருவர் மட்டுமே அமர்ந்து மேடுபள்ளத்தில் ஓட்டும் வண்டியை மாணவர்களே கட்டும் போட்டி அது. பெரும்பாலோர் வெல்டிங்குக்கும் ஓட்டுவதற்கும் முந்துவார்கள். அவர் சோதனை ஓட்டத் தரவைப் பதியும் வேலையைக் கேட்டு வாங்கட்டும். சஸ்பென்ஷனில் சென்சார் பொருத்தி, ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதிர்வு எவ்வளவு என்று வரைபடமாக்கினால், அந்த ஒரே கோப்பை வாகன நிறுவனத்திலும் காட்டலாம், அனலிட்டிக்ஸ் நேர்காணலிலும் காட்டலாம். நான்கு மன்றங்களில் பெயருக்கு உறுப்பினராக இருந்துவிட்டு, செய்ததைச் சொல்லச் சொன்னால் திகைத்து நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரே அணியில் இரண்டு ஆண்டு இருக்கட்டும்.

பதிவுக்கு முன் அவர் துறைத்தலைவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மைனர் பாடங்கள் எங்கள் கல்லூரியில் உண்மையிலேயே நடக்கின்றனவா, போதிய மாணவர்கள் சேராவிட்டால் நிறுத்திவிடுவார்களா? வகுப்பு நேரம் எங்கள் ஆய்வக நேரத்தோடு மோதுமா? ஓரிரு பாடங்களை என்பிடெல் இணைய வகுப்புகள் வழியே முடித்தால் கிரெடிட் ஏற்பார்களா? மூன்றாவதற்கு ஆம் என்றால், 12 வாரப் பாடமாகப் பார்த்து எடுக்கட்டும். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒப்படைப்புகளில் 10, தேர்வில் 30 என இரண்டிலும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். பதில்களை எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதைப் பார்த்து ஆறு பாடங்களையும் சேர்ந்தே வரிசைப்படுத்துவோம்.