‘விரிச்சார்கள்’ எங்கே தவறுகிறது?

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் கட்டுரை நோட்டில் ‘பேச்சு வழக்கு’ என்று சிவப்பு மையில் எழுதி வருகிறது. அவளே திருத்தி எழுதினாள். மறுபடியும் வட்டம். அவள் திருத்தியது இது: ‘நாங்கள் நின்றுகிட்டு இருந்தபோது மழை பெய்ய ஆரம்பிச்சது. எல்லாரும் குடையை விரிச்சார்கள். மாடுகள் மரத்தடியில் ஒதுங்கியது.’ எதைப் பார்த்து மாற்றுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பாதி வேலையை உங்கள் மகளே முடித்துவிட்டாள். ‘மழ’, ‘கொட’, ‘மாடுங்க’ எதுவும் மிச்சமில்லை. வினைச்சொல்லில்தான் வாலை மட்டும் மாற்றியிருக்கிறாள். ‘விரிச்சாங்க’வில் ‘ஆங்க’ போய் ‘ஆர்கள்’ வந்துவிட்டது. நடுவில் இருக்கும் ‘ச்ச’ கண்ணில் படவில்லை.

அது உண்மையில் ‘த்த’. இ, ஐ ஒலியில் முடியும் வினையடியோடு ‘த்த’ சேர்ந்தால், பேச்சில் நாக்கு அதை ‘ச்ச’ ஆக்கிவிடும். படித்தான் ‘படிச்சான்’ ஆவதும், வைத்தான் ‘வச்சான்’ ஆவதும் இப்படித்தான். எடு, கொடு போன்றவை உகரத்தில் முடிவதால் ‘எடுத்தான்’ என்பதில் பேச்சிலும் ‘த்த’ அப்படியே நிற்கிறது. ‘உடைந்தது’ என்பதன் ‘ந்த’வும் இதே வழியில் ‘உடைஞ்சது’ ஆகிறது.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் மாற்றத் தொடங்குவார்கள். ‘கெந்தினான்’ என்று ஒரு மாணவன் எழுதி நான் பார்த்திருக்கிறேன்! அதற்கு ஒரு சோதனை உண்டு: அந்த வினையைக் கட்டளையாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘விரி’ என்பதில் ச் இல்லை. அப்படியானால் அது பேச்சில் வந்து ஒட்டியது, ‘விரித்தார்கள்’ என்று மாற்ற வேண்டும். ‘கெஞ்சு’, ‘காய்ச்சு’ இரண்டிலும் அது சொல்லிலேயே இருக்கிறது. கெஞ்சினான், காய்ச்சினாள் என்றே எழுத வேண்டும். இப்போது ‘ஆரம்பி’ என்று சொல்லிப் பார்த்தால் ‘ஆரம்பித்தது’ தானாக வந்துவிடும்.

‘கிட்டு’ என்பது ‘கொண்டு’ தேய்ந்த வடிவம், அவ்வளவுதான்.

கடைசி வாக்கியம்தான் கொஞ்சம் ஏமாற்றும். அதில் ஒரு சொல்கூடக் கொச்சையாக இல்லை. ஆனால் ‘மாடு வந்துச்சு’, ‘மாடுங்க வந்துச்சு’ என்று பேச்சில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே வினையைத்தான் சொல்கிறோம். எழுத்தில் அஃறிணைப் பன்மைக்குத் தனி முடிவு உண்டு: மாடுகள் ஒதுங்கின, பறவைகள் பறந்தன. ஆசிரியர்கள் இதை ஒருமை பன்மைப் பிழை என்பார்கள். அது பேச்சிலிருந்து வந்த பிழை என்பதால் காதுக்கு உறுத்தாது. அதனால் ‘கள்’ என்று முடியும் சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அப்புறம் அதற்குரிய வினையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதையில் யாராவது பேசினால், மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கு இருக்கலாம் என்பது என் கட்சி. தேர்வில் மட்டும் அவளுடைய ஆசிரியர் சொல்வதைக் கேட்கட்டும்.

திருத்திய பத்தி: ‘நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது மழை பெய்ய ஆரம்பித்தது. எல்லாரும் குடையை விரித்தார்கள். மாடுகள் மரத்தடியில் ஒதுங்கின.’