பொட்டலம் விழும் இடம்

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு கணக்கைக் கொண்டு வந்தாள். 45 மீட்டர் உயரத்தில், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் கிடையாகப் பறக்கும் விமானத்திலிருந்து 25 கிலோ அரிசி மூட்டை விடப்படுகிறது. அது தரையைத் தொடும்போது விமானம் எங்கே இருக்கும்? ‘மூட்டைக்கு நேர் மேலே’ என்று விடை போட்டிருக்கிறது. அப்படியானால் கீழே மூட்டைக்காகக் காத்திருக்கும் ஆட்களின் தலைக்கு மேலே வந்ததும் விட்டால் போதாதா என்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூட்டையின் எடையும் கணக்கில் எங்குமே வரவில்லையே?

ஒரு தந்தை, கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஒரு பேப்பர் கட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி நாட்களில் வீடுகளுக்கு நாளிதழ் போட்டு வந்தேன். விடியற்காலைப் பேருந்து எங்கள் ஊரில் நிற்காது. வேகத்தைச் சற்றுக் குறைக்கும், நடத்துநர் படியில் நின்றபடி கட்டைக் கையிலிருந்து நழுவ விடுவார். அவர் கை எந்த இடத்தில் விடுமோ அந்த இடத்துக்கு நேராகவே முதல் வாரம் முழுவதும் நின்றேன். கட்டு ஒவ்வொரு நாளும் என்னைத் தாண்டிப் போய் விழுந்தது. அவர் வேண்டுமென்றே முன்னோக்கி வீசுகிறார் என்று எண்ணி ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபப்படாமல் அடுத்த நாள் என்னைப் படியில் தம் அருகே நிறுத்திக்கொண்டார். அங்கிருந்து பார்த்தபோது கட்டு அவர் காலடியை ஒட்டி நேராக இறங்கியது. பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் கட்டு கீழே வர அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடியில் பேருந்தும் கட்டும் சேர்ந்தே 5 மீட்டர் முன்னேறிவிடுகின்றன.

உங்கள் மகளின் குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கை விட்டதால் மூட்டை தன் வேகத்தை இழப்பதில்லை. விமானத்துக்குள் இருந்தவரை அதுவும் நொடிக்கு 50 மீட்டர் போய்க்கொண்டிருந்தது. விட்ட பிறகும் அதைப் பின்னோக்கி இழுக்க எதுவும் இல்லையென்றால் அப்படியே போகும். புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. முடுக்கத்தை 10 என்று கொண்டால் 45 மீட்டர் இறங்க 3 நொடி. அதற்குள் மூட்டை 150 மீட்டர் முன்னே போயிருக்கும், விமானமும் அதே 150 மீட்டர் போயிருக்கும். ஆகவே ‘நேர் மேலே’ என்பது விழும் கணத்தில் விமானம் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, விட்ட கணத்தில் இருந்த இடத்தைச் சொல்லவில்லை. ஆட்களின் தலைக்கு மேலே வந்து விட்டால் மூட்டை அவர்களைத் தாண்டி 150 மீட்டரில் விழும். 1640-இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் கசெந்தி மார்செய் கடலில் ஓடும் கப்பலின் பாய்மரத்திலிருந்து கல்லைப் போட வைத்து, அது பாய்மரத்தின் அடியிலேயே விழுவதைக் காட்டினார். தெரியவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதும் நேரத்தில் விமானத்தையும் மூட்டையையும் நொடிக்கு நொடி நான்கு புள்ளிகளாக ஒரு தாளில் வரைந்திருந்தால், மகளோடு சேர்ந்து நீங்களே கண்டுபிடித்திருக்கலாம். அதை ஏன் செய்யவில்லை?

எடையைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அதைக் கேட்க வைத்ததற்காகவாவது உங்கள் மகளைத் தட்டிக்கொடுங்கள். காற்று இல்லாவிட்டால் எடை தேவையில்லை, அவ்வளவுதான். ஆனால் காற்று இருக்கிறது. அகலமான அரிசி மூட்டையின் முகப்பரப்பை ஐந்தில் ஒரு சதுர மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். விட்ட கணத்தில் காற்று அதைப் பின்னே தள்ளும் முடுக்கம் 12 அளவுக்கு வருகிறது, புவியீர்ப்பையே மிஞ்சிவிடுகிறது. மூட்டை இறங்க 3 நொடிக்குப் பதில் மூன்றேகால் நொடிக்குச் சற்று மேலே ஆகிறது. விழும் இடமும் 150 மீட்டரில் இல்லை, ஏறக்குறைய 120 மீட்டரில். அந்தக் கணத்தில் விமானம் மூட்டைக்கு நேர் மேலே இல்லை. 45 மீட்டர் முன்னால் போய்விட்டது. எடை உள்ளே வரும் இடம் இதுதான்: அதே பருமனில் பொரி மூட்டையைப் போட்டால் இன்னும் மிகவும் பின்தங்கும், இரும்பு நிறைத்துப் போட்டால் புத்தக விடையை நெருங்கும். எதிர்காற்று வீசினால் பின்தங்கல் மேலும் கூடும்.

‘காற்றுத் தடையைப் புறக்கணிக்க’ என்ற வரியைக் கேள்வியில் எழுதாமல் விடுகிறவர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பிள்ளைகள் 150 என்ற எண்ணைத் தரையில் அளந்த உண்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பிக் குறிவைத்தால் மூட்டை 30 மீட்டர் முன்பாகவே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்து விழும். மூட்டைகளை விடும் இடத்தில் தரையில் பெரும் பரப்பை ஆட்கள் இல்லாமல் காலி செய்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காற்றில்லாத நேரமாகப் பார்த்து, மகளை மிதிவண்டியில் ஏற்றி ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். சாலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதைக் கடக்கும்போது முதலில் ஒரு ரப்பர் பந்தையும் அடுத்த முறை ஒரு இறகுப்பந்தையும் கையிலிருந்து விடச் சொல்லுங்கள். பந்து மிதியடிக்கு அருகே இறங்கும். இறகுப்பந்து அதற்குச் சற்றுப் பின்னே இறங்கும். நீங்கள் கோட்டருகே நின்று, இரண்டும் முதலில் தரையைத் தொட்ட இடத்தைக் குறித்து, கோட்டிலிருந்து அளந்து எனக்கு எழுதுங்கள். உருண்டு நின்ற இடத்தை அளந்துவிடாதீர்கள்.