முழங்கால் குளிசையும் பிரஷரும்

“அம்மா பிரஷருக்கு லொசாட்டன் ஒழுங்காகப் போடுகிறா. போன கிளினிக்கில் 130/80, இப்ப 160/100. இருமலுக்குக் கசாயம், முழங்கால் நோவுக்கு பார்மசிக் குளிசை. எது காரணம்?”

முதல் சந்தேகம் முழங்கால் குளிசையில்தான். அது டைக்லோபெனாக் அல்லது ஐபுபுரோபன் என்றால் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, லொசாட்டனின் வேலையைக் குறைத்துவிடும்.

குளிசை அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். வன்னிக் கடைகளில் உதிரியாக எண்ணிக் கடதாசிப் பையில் தந்திருந்தால், அந்தப் பையோடு போய்ப் பெயரை எழுதி வாங்குங்கள். அதுதான் என்றால் நிறுத்துங்கள். லொசாட்டனை நிறுத்த வேண்டாம். நோவு தாங்காவிட்டால் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் ஒன்று, ஆறு மணித்தியால இடைவெளியில். ஒரு கிழமை கழித்து, ஐந்து நிமிடம் இருந்து ஆறிய பிறகு பிரஷர் பாருங்கள்.

இறங்கவில்லையா? கசாயத்தில் அதிமதுரம் இருக்கிறதா என்று கேளுங்கள். தினமும் குடித்தால் அதுவும் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

கிளினிக் கொப்பியில் சலம் போகிற குளிசையும் இருந்தால் ஒரு கிழமை காத்திருக்க வேண்டாம். லொசாட்டன், முழங்கால் குளிசை, சலம் போகிற குளிசை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடலாம். கால் வீக்கம், சலம் குறைவு, நெஞ்சு நோவு, பிரஷர் 180/120 அல்லது அதற்கு மேல், இதில் எது என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.