வெளியே கூழ், உள்ளே ரப்பர்: அன்னாசியில் ஊறிய ஆட்டுக்கறி

“சுக்காவுக்காக அரைக் கிலோ தொடைக்கறியை, நடுத்தண்டோடு அரைத்த அன்னாசியில் ஊறவைத்து இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் மேல்பகுதி மாவுபோல் வழுக்கியது. வறுத்தால் வெளியே கூழ், உள்ளே ரப்பர். என் மாமியார் பப்பாளிக்காய் போட்டுச் செய்யும்போது இப்படி ஆவதே இல்லை. அரைக்கும்போது நான்கு துண்டு தின்றேன், நாக்கும் எரிந்தது. எல்லாம் ஒரே காரணத்தால்தானா?”

பெரும்பாலும் ஆம். அன்னாசியில் புரோமெலைன் இருக்கிறது, பப்பாளிப் பாலில் பப்பைன் இருக்கிறது. இரண்டுமே புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் நொதிகள். உங்கள் கிண்ணத்தில் கிடந்தது ஆட்டின் புரதம், வாயில் இருந்தது உங்களுடையது. அந்த வேறுபாடெல்லாம் நொதிக்குத் தெரியாது.

முதலில் கறிக்கு வருகிறேன். இந்த நொதிகள் பெரிய மூலக்கூறுகள். இறைச்சித் துண்டுக்குள் சில மில்லிமீட்டர் தாண்டி அவற்றால் நுழைய முடிவதில்லை. அதனால் நேரத்தைக் கூட்டினால் உள்பகுதி மெதுவாகும் என்று எண்ணுவது தவறு. மேல்பகுதிதான் மேலும் மேலும் நறுக்குப்படும். ஃபிரிட்ஜின் குளிர் நொதியின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. பத்து மணி நேரம் கொடுத்தால் அந்த மந்த வேகமே போதும். போதாக்குறைக்கு, பழச்சதையைவிடப் புரோமெலைன் அதிகமுள்ள நடுத்தண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறீர்கள்.

உள்ளே ஏன் ரப்பர்? தொடைக்கறியின் கடினத்துக்குக் காரணம் தசை இழைகள் மட்டுமல்ல, அவற்றைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜனும்தான். மூன்று இழைகளை இறுக முறுக்கிய கயிறு அது. பச்சைக்கறியில் அந்த முறுக்கு பப்பைனுக்கோ புரோமெலைனுக்கோ எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் கயிறு பிரிந்து, மெல்ல ஜெலட்டினாகக் கரையத் தொடங்கும். பிரிந்த இழையை நொதி சுலபமாக நறுக்கிவிடும். நீங்கள் நேராக வாணலியில் போட்டு வறுத்ததால், உள்ளே இருந்த கொலாஜன் சுருங்கி இறுகியதோடு சரி. கரைவதற்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

ஊறவைக்கும் பாத்திரத்தைவிட அடுப்பின் மேல்தான் இந்த நொதிகளுக்கு வேலை அதிகம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பப்பைன் 60 முதல் 70 டிகிரி வரையிலான சூட்டில் மும்முரமாக இயங்கும். கொலாஜன் பிரியத் தொடங்கும் சூடும் அதுதான். புரோமெலைனுக்கு 50, 60 டிகிரி போதும். 80 டிகிரியை நெருங்கும்போது சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். பப்பைன் இன்னும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஆகவே பாத்திரம் மெல்லச் சூடேறும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம், இரவு முழுவதும் ஊறவைத்ததற்கு ஈடான வேலையைச் செய்துவிடும். குக்கரில் சூடு விரைந்து ஏறுவதால் இந்தக் கட்டம் சீக்கிரம் கடந்துபோகிறது. தம் போடும் பிரியாணியில் நீளுகிறது. அதனால் தம்முக்குப் போகும் கறியில் பப்பாளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் கைப்பக்குவம் என்பது சரியான அளவும் சரியான நேரமும்தான். அதே அரைக் கிலோவை இப்படிச் செய்து பாருங்கள். தோல் பச்சையாக, கீறினால் பால் வடியும் பப்பாளிக்காயாக எடுங்கள். பழுத்துவிட்டால் பால் வற்றிவிடும், பப்பைனும் போய்விடும். பழுத்த பப்பாளி இந்த வேலைக்கு உதவாது. தோலோடு ஒரு சிறு துண்டு அரைத்தால் ஒரு மேசைக்கரண்டி விழுது வரும், அது தாராளம். கறியை இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாமல் வெட்டி, விழுதையும் உப்பையும் பிசறி முக்கால் மணி நேரம் வையுங்கள். பிறகு கறி மூழ்கும் அளவு நீர் விட்டு வேகவைத்து, நீர் வற்றிய பிறகு வறுங்கள். அன்னாசிதான் கையில் இருக்கிறது என்றால், நடுத்தண்டு நீக்கிய சாறு இரண்டு மேசைக்கரண்டி, இருபது நிமிடம். கோழிக்கு இதெல்லாம் தேவையில்லை. மீனுக்கும் இறாலுக்கும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

போதுமா, மிஞ்சியதா என்று விரலே சொல்லும். ஒரு துண்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். நார் நாராகப் பிரிந்தால் உடனே அடுப்பேற்றலாம். பசைபோல் விரலில் ஒட்டினால் எல்லை தாண்டிவிட்டது. அந்தக் கறியைக் கொத்திக் கோலா உருண்டைக்குத் திருப்பிவிடுங்கள்.

பப்பாளிக்காய் நறுக்கும்போது பால் கையில் பட்டால் அரிக்கும். மரம் அதை நமக்காகச் சுரக்கவில்லை, இலை தின்னும் புழுக்களுக்காகச் சுரக்கிறது. கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது.

இனி நாக்கு. வாயின் உட்பரப்பை உமிழ்நீரின் வழுவழுப்பான புரதப்படலம் மூடியிருக்கிறது. புரோமெலைன் அதைக் கொஞ்சம் அரித்தெடுத்ததும் பழத்தின் சிட்ரிக் அமிலம் நேராகத் தோலில் படுகிறது. அன்னாசியில் கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆன நுண்ணூசிகளும் உண்டு. அவையும் சேர்ந்து குத்துவதால் எரிச்சல் கூடுகிறது. ஆக, முழுப்பழியையும் நொதியின் தலையில் போட்டுவிட முடியாது. ஆனால் அன்னாசி ரசமோ கேசரியோ அப்படி எரிப்பதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கொதித்ததில் புரோமெலைன் அடங்கிவிட்டது. தெருவில் தூவித் தரும் உப்பும் மிளகாய்த்தூளும் நொதியை அழிப்பதில்லை. உப்பு புளிப்பை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. எரிச்சல் வேண்டாம் என்றால் துண்டுகளைத் தோசைக்கல்லில் நன்றாகச் சூடேறும்வரை வாட்டித் தின்னுங்கள்.

நொதி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நான் மாணவர்களுக்குக் காட்டும் சோதனையைச் செய்யலாம். பச்சை அன்னாசித் துண்டுகளைத் தயிர்ப்பச்சடியில் போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். கசக்கும். பால் புரதம் நறுக்குப்பட்டு உருவாகும் சிறு துண்டுகளின் சுவை அது. டப்பா அன்னாசி சூடேற்றிப் பதப்படுத்தியது என்பதால் அதில் கசப்பு வராது. அதே காரணத்தால் கறியை மெதுவாக்கவும் அது உதவாது. ஜெலட்டினில் பச்சை அன்னாசியைப் போட்டால் ஜெல்லி உறையாது. சைனா கிராஸில் போட்டால் உறையும், ஏனென்றால் அது புரதமே இல்லை, கடற்பாசியின் மாவுப்பொருள் வகை.

நாக்கின் எரிச்சல் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். வாயின் மேற்பரப்பு வேகமாகப் புதுப்பித்துக்கொள்வது. உதடு தடித்தாலோ, உடம்பில் தடிப்பு எழுந்தாலோ, மூச்சு இறுகினாலோ அது நொதியின் விளையாட்டு அல்ல, ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பழத்தை மறுபடி தின்று சோதித்துப் பார்க்க வேண்டாம். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், பப்பாளி விழுது போட்ட கறியைப் பரிமாறும் முன் சொல்லிவிடுங்கள்.